30 வினாடியில் ஒரு வளைகாப்பு அழைப்பு: அசையும் காணொளியை நீங்களே செய்வது எப்படி?

வீட்டில் விசேஷம் என்றால் இப்போது முதலில் வந்து சேர்வது அட்டை இல்லை, வாட்ஸ்அப் காணொளி. இசை ஒலிக்கும், பூ விரியும், பெயர்கள் ஒவ்வொன்றாக வரும், கடைசியில் தேதியும் இடமும். "நீதான் இதெல்லாம் நல்லா செய்வியே" என்று அந்த வேலையைக் குடும்பத்தில் இளையவர் ஒருவரிடம் கொடுத்துவிடுவார்கள்.

செயலியில் வார்ப்புரு ஒன்றை எடுத்துப் பெயரை மாற்றுவது பத்து நிமிட வேலை. ஆனால் பத்தே நிமிடத்தில் செய்த காணொளிகளில் ஒரே மாதிரியான குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது. தாத்தா இடத்தைப் படித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடுகிறது. பாதிப் பாட்டில் இசை வெட்டுப்படுகிறது. அத்தையின் பெயர் விட்டுப்போய்விடுகிறது. கடைசிக் குறையைச் சரிசெய்ய எந்தச் செயலியாலும் முடியாது.

எனவே ஒரு வளைகாப்பு அழைப்பை எடுத்துக்கொண்டு, முதல் படியிலிருந்து பார்ப்போம். விழா 15 நவம்பர் 2026, ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு, செங்காங்கில் ஒரு வீவக புளோக்கின் பலநோக்கு மண்டபத்தில். தாயாகப் போகிறவர் கௌரி, கணவர் ராஜேஷ். எல்லாம் மாதிரிக்குத்தான். இந்த இரண்டு பெயர்களைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது கீழே வரும்.

முதலில் பெயர்ப் பட்டியல், பிறகுதான் செயலி

காணொளியை அனுப்பிய பிறகு அதற்குள் இருக்கும் எழுத்தை மாற்ற முடியாது. வாட்ஸ்அப்பில் எழுதிய செய்தியைச் சிறிது நேரத்துக்குள் திருத்தலாம், காணொளியைத் திருத்த வழியில்லை. நீக்கிவிட்டு வேறொன்றை அனுப்பலாம். ஆனால் அதற்குள் சித்தி அதை ஈப்போவில் இருக்கும் சொந்தக்காரர்கள் குழுவுக்கு அனுப்பியிருப்பார்.

அதனால் செயலியைத் திறக்கும் முன்பே, காணொளியில் வரப்போகும் எல்லாச் சொற்களையும் வெறும் எழுத்தாகத் தட்டச்சு செய்து இரு வீட்டுப் பெரியவர்களுக்கும் அனுப்புங்கள். அவர்களிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

முதலாவது, அழைப்பது யார்? வளைகாப்பைப் பெண்ணின் தாய் வீட்டார் நடத்தும் வழக்கமும் உண்டு, இரு வீட்டாரும் சேர்ந்து நடத்துவதும் உண்டு. யார் பெயரில் அழைப்பு போகிறதோ அவர்கள் பெயர்தான் முதலில் வரும். இதை நீங்களே ஊகிக்காதீர்கள். "மாமா, யாரு பேரு முதல்ல போடணும்?" என்று கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது, ஒவ்வொருவரும் தம் பெயரை எப்படி எழுதுகிறார்? அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயரைப் பார்த்துத் தமிழில் எழுதினால் தவறு வரும். ஆங்கில எழுத்துகளில் ல, ள, ழ வேறுபாடு தெரியாது. ஒரே ஒலிக்கு ஒருவர் 'ஜ' போடுவார், இன்னொருவர் 'ச' போடுவார். அது அவரவர் விருப்பம்.

மூன்றாவது, காலமான பெரியவர்களின் பெயர் வர வேண்டுமா? வர வேண்டும் என்றால் 'அமரர்' என்றா, 'தெய்வத்திரு' என்றா? இதைத் தவறாகப் போட்டால் யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் மனத்தில் நிற்கும்.

பட்டியல் நீளமாக வந்தால் என்ன செய்வது? பெயர்கள் வரும் காட்சியில் நான்கு வரிக்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் இருக்கும் பெயர்களைக் காணொளியுடன் அனுப்பும் செய்தியில் முழுமையாக எழுதலாம். பன்னிரண்டு பெயர்களை ஐந்து வினாடியில் ஓடவிட்டால் ஒருவராலும் படிக்க முடியாது. அது பெயரே போடாததற்குச் சமம்.

நேரத்தை இசையிடம் கேளுங்கள்

பலர் காட்சிகளை முடித்துவிட்டு, கடைசியில் அடியில் ஒரு பாட்டைப் போடுகிறார்கள். அதனால்தான் பாட்டு நடுவில் அறுகிறது. வேலையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் இசையைத் தேர்ந்தெடுத்து, அதன் தாளத்தை வைத்துக் காட்சிகளைப் பிரியுங்கள்.

தாளத்தின் வேகத்தை அளக்கச் செயலி எதுவும் வேண்டாம். இசையை ஓடவிட்டு, கைத்தொலைபேசியில் 15 வினாடிக்கு நேரம் வைத்து, தட்டல்களை எண்ணுங்கள். 24 வந்தால் அதை நான்கால் பெருக்குங்கள்: நிமிடத்துக்கு 96 தட்டல். நம் மாதிரிக்கு அப்படி ஒரு வீணை இசை கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்.

அந்த இசை ஆதி தாளத்தில் இருந்தால் ஒரு சுற்றுக்கு, அதாவது ஓர் ஆவர்த்தனத்துக்கு, 8 தட்டல். நிமிடத்துக்கு 96 என்ற வேகத்தில் ஒரு சுற்று சரியாக 5 வினாடி. ஆறு சுற்றுகள் சேர்ந்தால் 30 வினாடி. நம் காணொளிக்கு அதுதான் அளவு:

முதல் சுற்று, 0 முதல் 5 வினாடி: வளையல்கள் உருண்டு வருகின்றன, "வளைகாப்பு விழா" என்ற தலைப்பு.

இரண்டாம் சுற்று, 5 முதல் 10 வரை: கௌரி, ராஜேஷ் பெயர்கள்.

மூன்றாம் சுற்று, 10 முதல் 15 வரை: அழைக்கும் பெரியவர்களின் பெயர்கள்.

நான்காம் சுற்று, 15 முதல் 20 வரை: தேதி, கிழமை, நேரம்.

ஐந்தாம், ஆறாம் சுற்றுகள், 20 முதல் 30 வரை: இடம். இந்தப் பத்து வினாடியும் திரை அசையாமல் நிற்கும்.

கடைசிக் காட்சிக்கு ஏன் இரண்டு மடங்கு நேரம்? வந்து சேர வேண்டியவருக்கு அதுதான் தேவை. மற்றக் காட்சிகளை ரசித்துவிட்டுப் போகலாம். புளோக் எண்ணையும் சாலைப் பெயரையும் வாசித்து மனத்தில் வைக்க வேண்டும், இல்லையென்றால் திரையைப் படம்பிடிக்க வேண்டும்.

ஒவ்வொரு காட்சிக்கும் நேரம் போதுமா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று: அதில் உள்ள எழுத்தை நிதானமாக, வாய்விட்டு, இரண்டு முறை படியுங்கள். முடிப்பதற்குள் காட்சி மாறினால் நேரம் போதவில்லை. அப்போது எழுத்தைக் குறையுங்கள். நேரத்தைக் கூட்டினால் காட்சி தாளத்திலிருந்து விலகிவிடும்.

உங்கள் இசையின் வேகம் வேறாக இருக்கலாம். நிமிடத்துக்கு 90 தட்டல் என்றால் ஒரு சுற்று சுமார் 5.3 வினாடி, ஆறு சுற்றுகள் 32 வினாடி. அப்படியே 32 வினாடியாக விடுங்கள். 30-இல் நிறுத்த வேண்டும் என்று கடைசிச் சுற்றை வெட்டினால், தாளம் தெரியாதவருக்கும் ஏதோ பாதியில் நின்றது போல இருக்கும். காது அதைக் கண்டுபிடித்துவிடும்.

இசையை எங்கிருந்து எடுப்பது?

"நம்ம வீட்டு விசேஷம்தானே, சினிமா பாட்டு போட்டா என்ன?" என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. ஒரு திரைப்பாடலில் குறைந்தது இரண்டு உரிமைகள் இருக்கின்றன. பாடலையும் மெட்டையும் எழுதியவர்களுக்கு ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்கு இன்னொன்று. சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இரண்டையும் பாதுகாக்கிறது. நியாயமான பயன்பாட்டுக்குச் சட்டத்தில் இடம் உண்டு என்றாலும், அது ஒவ்வொரு சூழலையும் பார்த்து முடிவாகும் விஷயம். "15 வினாடிக்குள் இருந்தால் பரவாயில்லை", "கீழே நன்றி போட்டால் போதும்" என்று சொல்லப்படுபவை சட்டத்தில் எழுதப்பட்ட விதிகள் அல்ல.

நடைமுறையில் சிக்கல் வேறு இடத்தில் தொடங்கும். யூடியூபிலும் இன்ஸ்டகிராமிலும் பதிவேற்றும்போது, ஒலியை அடையாளம் காணும் அமைப்பு பாட்டைக் கண்டுபிடித்துவிடும். காணொளி தடுக்கப்படலாம், ஒலி மட்டும் நீக்கப்படலாம். அழைப்பு அனுப்பிய மறுநாள் அது ஊமையாகிவிட்டால் என்ன பயன்?

பாதுகாப்பான வழிகள் இரண்டு. ஒன்று, யூடியூபின் இலவச இசைத் தொகுப்பு போன்ற, உரிமம் தெளிவாக எழுதப்பட்ட இடங்களிலிருந்து எடுப்பது. சிலவற்றுக்கு இசையமைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டியிருக்கும், அதைப் படித்துப் பாருங்கள்.

இன்னொன்று, வீட்டிலேயே பதிவு செய்வது. வீணையோ புல்லாங்குழலோ கற்கும் தம்பி, தங்கை இருந்தால் 30 வினாடி வாசிக்கச் சொல்லுங்கள். தியாகராஜர் 1847இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுவரை என்ற சிங்கப்பூரின் கால வரம்பு அவருடைய கீர்த்தனைகளுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் வாசித்துப் பதிவு செய்யலாம். ஆனால் அதே கீர்த்தனையை ஒரு வித்துவான் வாசித்து ஒரு நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவு வேறு விஷயம். அதற்குத் தனி உரிமை உண்டு.

வீட்டில் பதிவு செய்யும்போது, நேரம் காட்டும் தாளச் செயலியை 96இல் வைத்து, அதன் ஒலியைக் காதணியில் கேட்டபடி வாசிக்கச் சொல்லுங்கள். அப்போது மேலே போட்ட ஐந்து வினாடிக் கணக்கு தானாகவே பொருந்திவிடும்.

தமிழ் எழுத்து ஏன் உடைகிறது?

இப்போது கௌரி, ராஜேஷ் பெயர்களுக்கு வருவோம். 'ரா', 'ஜே', 'கௌ' என்பவை நம் கண்ணுக்கு ஒவ்வோர் எழுத்து. கணினியில் ஒவ்வொன்றும் இரண்டு குறிகள்: முதலில் மெய், அடுத்து உயிர்க்குறி. 'ஜே' என்பதில் இரட்டைக் கொம்பு திரையில் இடப்பக்கம் தெரிந்தாலும், சேமிக்கப்படும் வரிசையில் அது 'ஜ'வுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதை இடப்பக்கம் கொண்டு வருவது எழுத்துருவும் மென்பொருளும் சேர்ந்து செய்யும் வேலை. மென்பொருளுக்கு அது தெரியாவிட்டால் கொம்பு தவறான பக்கத்தில் விழும், இல்லையென்றால் புள்ளிகளால் ஆன வெற்று வட்டம் ஒன்று தோன்றும்.

எனவே செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன், அதில் இந்த வரியை ஒட்டிப் பாருங்கள்:

```
கெ கே கை கொ கோ கௌ ஸ்ரீ க்ஷ
```

எல்லாம் சரியாகத் தெரிந்தால் பிரச்சினை இல்லை. ஒன்று உடைந்தாலும் அந்த எழுத்துருவை விட்டுவிட்டு Noto Sans Tamil, Mukta Malar, Baloo Thambi 2 போன்றவற்றில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். இவை கூகல் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைப்பவை. அப்போதும் உடைந்தால் குறை எழுத்துருவில் இல்லை, செயலியில்தான்.

அதற்கும் ஒரு வழி இருக்கிறது. பெயர்களைத் தமிழ் சரியாகத் தெரியும் வேறு மென்பொருளில், எடுத்துக்காட்டாக பவர்பாயிண்ட்டில், தட்டச்சு செய்யுங்கள். அந்த எழுத்துப் பெட்டியை மட்டும் பின்னணி இல்லாத PNG படமாகச் சேமித்து, காணொளிச் செயலியில் படமாகச் சேருங்கள். படத்தில் எழுத்து உடையாது. ஆனால் பிழை இருந்தால் மறுபடி படத்தைச் செய்ய வேண்டும். அதனால்தான் பெயர்ப் பட்டியல் முதலில்.

'கௌ'வில் இன்னொரு பொறி இருக்கிறது. பலர் 'கெ' தட்டி, பக்கத்தில் 'ள' தட்டி 'கெளரி' என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். ஆனால் அது 'கௌரி' இல்லை, 'கெ-ள-ரி'. சந்தேகம் வந்தால் நீக்கும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். 'ள' மட்டும் போய் 'கெ' நின்றால் தவறாகத் தட்டியிருக்கிறீர்கள். சரியான 'கௌ'வில் ஒரே அழுத்தத்தில் உயிர்க்குறி முழுவதும் போய் 'க' நிற்கும், அல்லது எழுத்தே மொத்தமாக மறைந்துவிடும்.

எழுத்து அசையும் விதத்திலும் கவனம் வேண்டும். தட்டச்சுப் பொறி போல எழுத்து எழுத்தாக வரும் அசைவு ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டது. தமிழில் அதைப் போட்டால் முதலில் 'ரஜஷ' என்று பாதிப் பெயர் தோன்றலாம், அல்லது 'க' வந்து திடீரென்று 'கௌ' ஆக மாறலாம். தமிழுக்குச் சொல் சொல்லாகவோ வரி வரியாகவோ வரும் அசைவைத் தேர்ந்தெடுங்கள்.

எது அசைய வேண்டும், எது அசையக்கூடாது?

அசைவு என்பது அடிப்படையில் இரண்டு குறிப்புகள்தான். இந்த நேரத்தில் பொருள் இங்கே, அந்த நேரத்தில் அங்கே என்று நீங்கள் குறித்தால், நடுவில் உள்ள படங்களைச் செயலி நிரப்பிக்கொள்ளும்.

வளையலுக்குத் தடித்த விளிம்பு கொண்ட ஒரு வட்டம் போதும். 0ஆவது வினாடியில் அதைத் திரையின் இட ஓரத்தில் வையுங்கள். 1.25 வினாடியில், அதாவது இரண்டாவது தட்டல் முடியும் இடத்தில், நடுவுக்குக் கொண்டு வாருங்கள். அதே நேரத்தில் ஒரு முழுச் சுற்று சுழலவிடுங்கள். வட்டம் ஒரே நிறமாக இருந்தால் சுழல்வது தெரியாது, அதனால் அதன்மேல் இரண்டு மூன்று தங்கப் புள்ளிகள் வையுங்கள். வேகத்தில் கடைசியில் மெல்ல நிற்கும் வகையைத் தேர்ந்தெடுத்தால் நிஜ வளையல் உருண்டு நிற்பது போல இருக்கும். அதையே நகலெடுத்து, பச்சை, சிவப்பு என்று நிறம் மாற்றி, ஒவ்வொன்றையும் ஒரு தட்டல் தள்ளித் தொடங்கினால் முதல் காட்சி முடிந்தது.

எழுத்து அரை வினாடியில் வந்து நின்றுவிட வேண்டும். படிக்கும் நேரத்தில் அசையவே கூடாது.

திரை முழுக்கப் பூ இதழும் மினுமினுப்பும் கொட்டுவதைத் தவிருங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை. வாட்ஸ்அப் அனுப்பும்போது காணொளியைச் சுருக்குகிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மாறியதை மட்டும் சேமித்துத்தான் அது அளவைக் குறைக்கிறது. ஆயிரம் சின்னப் புள்ளிகள் அசைந்தால் எல்லாமே மாறிக்கொண்டிருக்கும். இருக்கும் இடம் அந்தப் புள்ளிகளுக்கே செலவாகி, பெயரின் விளிம்பு கட்டம் கட்டமாக மங்கிவிடும். உங்கள் கணினியில் பளிச்சென்று இருந்தது பாட்டியின் தொலைபேசியில் கலங்கித் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

அனுப்பும் முன்

திரை அளவு அகலம் 1080, உயரம் 1920 புள்ளிகள். தொலைபேசியைத் திருப்பாமலே முழுத்திரையில் தெரியும். இந்த அளவில் மிகச் சிறிய எழுத்துக்கும் 60 புள்ளி உயரம் கொடுங்கள். சுமார் 7 சென்டிமீட்டர் அகலமுள்ள தொலைபேசித் திரையில் அது கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். அதற்குக் கீழே போனால் மூக்குக்கண்ணாடி தேட வேண்டியிருக்கும்.

முதல் படம் வெறும் கறுப்பாக இருக்க வேண்டாம். உரையாடலில் காணொளியைத் திறக்கும் முன் தெரிவது பெரும்பாலும் அதுதான். கறுப்புச் சதுரமாக வந்தால், பகிரப்பட்ட நூறு காணொளிகளில் ஒன்று என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். 0ஆவது வினாடியிலேயே தலைப்பு திரையில் இருக்கட்டும்.

ஒலியில்லாமல் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். எம்ஆர்டியில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இசை கேட்காது. தேதியையும் இடத்தையும் குரலில் மட்டும் சொல்லியிருந்தால் அவருக்கு அழைப்பே போய்ச் சேராது.

அனுப்பும்போது எச்டி தரத்தைத் தேர்ந்தெடுங்கள். முதலில் வீட்டிலேயே இருக்கும் பழைய தொலைபேசி ஒன்றுக்கு அனுப்பி, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் படியுங்கள். மற்றவர்களுக்கு 'ஃபார்வர்ட்' செய்யச் சொல்லுங்கள். பதிவிறக்கி, வெட்டி, மறுபடி பதிவேற்றினால் இன்னொரு முறை சுருங்கி மேலும் மங்கும்.

காணொளியுடன் எழுத்துச் செய்தி ஒன்றும் கட்டாயம் போகட்டும்: தேதி, நேரம், மண்டப முகவரி, வரைபட இணைப்பு, தொடர்புக்கு ஒருவர். மண்டபம் மாறினால் செய்தியைத் திரும்ப அனுப்புவது எளிது. அதோடு, காணொளியில் உள்ள முகவரியை யாராலும் நகலெடுத்து வரைபடத்தில் ஒட்ட முடியாது.

விழா மண்டபத்தில் இல்லாமல் வீட்டிலேயே என்றால், காணொளியில் புளோக் எண்ணோடும் சாலைப் பெயரோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டு எண்ணை வருபவர்களுக்குத் தனிச் செய்தியில் கொடுக்கலாம். அழகான காணொளி உங்களுக்குத் தெரியாத குழுக்களுக்கும் போகும். கௌரியின் முழுப்பெயர், கர்ப்பமாக இருக்கும் செய்தி, வீட்டுக் கதவு எண் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து சுற்ற வேண்டியதில்லை.

கடைசியாக, 15 நவம்பர் ஞாயிற்றுக்கிழமைதானா என்று நாள்காட்டியில் பார்த்துவிடுங்கள். தேதி ஒன்று, கிழமை வேறொன்று என்று அழைப்பு போனால், எதை நம்புவது என்று கேட்டு இருபது பேர் அழைப்பார்கள். அதில் பாதிப் பேர் நேரே உங்கள் அம்மாவைத்தான் அழைப்பார்கள்.